அத்தை தலையாட்டும் ஸ்டிக்கர்: வரைவதா, வெக்டரா, வீடியோவா?

எங்கள் அத்தையிடம் ஒரு பாவனை உண்டு. யாராவது "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், வலது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு "அடடா அடடா" என்று தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டுவார். இதை அசையும் ஸ்டிக்கராக்கிக் குடும்பக் குழுவில் போடலாம் என்று தங்கை சொன்னாள். பெரியவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், பிள்ளைகள் டெலிகிராமில். இரண்டிலும் ஓட வேண்டும், பின்னணி இருக்கக் கூடாது, நிற்காமல் சுழல வேண்டும். இதுதான் வேலை.

இதே கேள்வியோடு வருகிறவர்களில் பலர் எந்த ஆப்பை இறக்குவது என்பதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: அசைவை எங்கிருந்து எடுக்கப் போகிறோம்? ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரையலாம். கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன வெக்டர் உருவத்தை அசைக்கலாம். ஆளையே வீடியோ எடுத்துப் பின்னணியை வெட்டலாம். அத்தை ஸ்டிக்கரை மூன்று வழியிலும் செய்து பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்தே ஒப்பிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

ஜிஃப்பை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான் அதில் கிடைக்கும். அதைவிடப் பெரிய குறை, ஒரு புள்ளி முழுக்கத் தெரியும் அல்லது முழுக்க மறையும். பாதி தெரிகிற புள்ளி என்பதே அதில் கிடையாது. அதனால் விளிம்பு பல் பல்லாக நிற்கும். போதாததற்கு, ஜிஃப்பாக அனுப்பினால் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் அதை ஒலியில்லாத எம்பி4 வீடியோவாக மாற்றிவிடுகின்றன. அந்த வீடியோவில் ட்ரான்ஸ்பரன்ட் பின்னணிக்கு இடமே இல்லை. நாம் வெட்டிய இடத்தில் வெள்ளையோ கறுப்போ வந்து உட்காரும். பின்னணியோடு இருந்தால் பரவாயில்லை என்கிற சிரிப்புத் துண்டுகளுக்கு எம்பி4 போதும். பின்னணி போக வேண்டும் என்றால் ஸ்டிக்கராகத்தான் செய்ய வேண்டும்.

ஸ்டிக்கருக்கு ஒவ்வொரு ஆப்பும் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாம் சேர்க்கும் அசையும் ஸ்டிக்கர் `.webp` என்று முடியும் வெப்பி கோப்பாக, சரியாக 512×512 புள்ளி இருக்க வேண்டும். 500 கேபிக்கு மேல் போகக் கூடாது, 10 விநாடியைத் தாண்டக் கூடாது. டெலிகிராமில் இரண்டு வாசல்கள். ஒன்று `.tgs`, அதாவது வெக்டர் அசைவு: 64 கேபி, 3 விநாடி. மற்றொன்று `.webm`, அதாவது விபி9 வீடியோ: 256 கேபி, 3 விநாடி, விநாடிக்கு 30 ஃப்ரேம் வரை, ஒலி கூடாது.

இந்த எண்களைப் பார்த்தால் வாட்ஸ்அப்தான் தாராளம் என்று தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. அதற்கான காரணம் புரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்துவிடலாம்.

வெப்பி அசைவு என்பது படங்களை அடுக்கி வைத்த கட்டு மாதிரி. முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறாத பகுதியை விட்டுவிட்டு, மாறிய பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகத்தை மட்டும் சேமிக்க அதற்குத் தெரியும். ஆனால் "இந்தத் தலை நான்கு புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது" என்று எழுதி வைக்கத் தெரியாது. நகர்ந்த தலையைப் புதிய படமாகவே மறுபடி எழுதும். விபி9 வீடியோவுக்கு அந்த நகர்வைக் குறித்து வைக்கத் தெரியும். அதனால் உடம்பு முழுக்க அசைகிற காட்சிக்கு டெலிகிராமின் 256 கேபி, வாட்ஸ்அப்பின் 500 கேபியைவிட அதிக தூரம் வருகிறது.

ஆகவே வெப்பியில் நான் எப்போதும் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் தொடங்குவேன். 500 கேபியை ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மூன்று விநாடி, விநாடிக்கு 30 என்றால் 90 ஃப்ரேம்; ஒன்றுக்கு ஐந்தரை கேபிதான் கிடைக்கும். முகம் கலங்கிப்போகும். இரண்டு விநாடி, விநாடிக்கு 12 என்றால் 24 ஃப்ரேம். ஒன்றுக்கு ஏறக்குறைய 20 கேபி. இதில் கௌரவமாகச் செய்யலாம்.

எடைபோட வேண்டிய இரண்டாவது விஷயம் விளிம்பு. ஒரே ஸ்டிக்கர் வெளிர் நிறச் சாட் திரையிலும் இருட்டுத் திரையிலும் விழப்போகிறது. ஒன்றில் அழகாக இருப்பது மற்றொன்றில் வெள்ளைப் பொடி ஒட்டின மாதிரி தெரியலாம். மூன்றாவது, உங்கள் நேரம். ஒரு ஸ்டிக்கருக்கு ஆகும் நேரம் மட்டுமல்ல, பத்தாவது ஸ்டிக்கருக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

## வழி ஒன்று: கையால் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைவது

இதற்கு ஒரு டேப்லெட்டும், வெங்காயத்தோல் வசதி உள்ள ஏதாவது வரைபட ஆப்பும் போதும். முந்தைய ஃப்ரேம் மங்கலாகக் கீழே தெரியும், அதன் மேல் அடுத்ததை வரைவோம். கணினியில் கிரீட்டா இலவசமாகவே கிடைக்கிறது.

அத்தை தலையாட்டலுக்கு 24 ஃப்ரேம் வேண்டும், ஆனால் நான் வரைந்தது 13தான். தலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போவது 1 முதல் 13 வரை. திரும்பி வருவதற்கு அதே படங்களை 12 முதல் 2 வரை பின்னோக்கி வைத்தேன். பதின்மூன்றும் பதினொன்றும் இருபத்து நான்கு. இங்கே பலர் செய்யும் பிழை, திரும்பும்போது 13-ஐயும் 1-ஐயும் மறுபடி சேர்ப்பது. அப்படிச் செய்தால் இரண்டு கோடியிலும் ஒரே படம் இரண்டு முறை நிற்கும், தலை ஒவ்வொரு சுற்றிலும் விக்கினது போலத் தெரியும். சாதாரண லூப்புக்கும் இதே விதிதான்: கடைசி ஃப்ரேம் முதல் ஃப்ரேமின் நகலாக இருக்கக் கூடாது, அதற்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஓட்டும் இந்த உத்தி எல்லா அசைவுக்கும் பொருந்தாது. தலையாட்டல், கையசைப்பு, ஊஞ்சல் எல்லாம் சரி. கண்ணீர் வழிவதையோ காபி ஆற்றுவதையோ பின்னோக்கி ஓட்டினால் உடனே கண்ணில் உறுத்தும்.

படங்களை `a_01.png` முதல் `a_24.png` வரை ட்ரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியாக எடுத்துவிட்டால், ffmpeg என்ற இலவச மென்பொருளுக்குக் கட்டளையாகத் தட்டச்சு செய்ய ஒரே வரி போதும்:

```
ffmpeg -framerate 12 -i a_%02d.png -c:v libwebp_anim -quality 60 -compression_level 6 -loop 0 athai.webp
```

`-loop 0` என்றால் நிற்காமல் சுழலும். எனக்கு வந்தது 140 கேபி சுமார். தட்டையான நிறம், கூர்மையான விளிம்பு, உடம்பு அசையாமல் தலை மட்டும் அசைவது என மூன்றும் சேர்ந்து கோப்பைச் சின்னதாக்கின. வெளியே தெரியாத செலவு ஒன்று இதில் உண்டு: கோடு நடுங்கும். அசையாத உடம்பை ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரும்ப வரைந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினாலும் வெப்பிக்கு அது முழு மாற்றம்தான். உடம்பைத் தனி லேயரில் ஒரே முறை வரைந்து பூட்டிவிட வேண்டும். முதல் தடவை நான் அதைச் செய்யாமல் விட்டபோது கோப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

நேரம்? ஒரு முழு மாலை போனது. அடுத்த ஸ்டிக்கருக்கும் ஏறக்குறைய அதே மாலை போகும். இந்த வழியின் பலவீனம் அதுதான்.

## வழி இரண்டு: வெக்டர் உருவம்

இதில் அத்தையை வரைவது ஒரே ஒரு தடவை. தலை, கை, கொண்டை, புடவை எல்லாம் தனித்தனி வடிவங்கள். அப்புறம் தலையின் சுழற்சிக்கு ஒரு தொடக்க நிலை, ஒரு கடைசி நிலை கொடுத்தால் இடையில் உள்ளதை மென்பொருளே நிரப்பிவிடும். கோப்பில் படங்கள் கிடையாது, வடிவங்களும் அவை எங்கே நகர்கின்றன என்ற குறிப்பும்தான் இருக்கும். அதனால் விநாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடினாலும் கோப்பு பெருப்பதில்லை. எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கே இங்கு தேவையில்லை. கோடுகளைப் பிடித்து வளைக்கும் புள்ளிகள் எத்தனை என்பதுதான் கணக்கு.

டெலிகிராம் பரிந்துரைப்பது ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் அதற்கான ஒரு ப்ளக்இன்னும். அதற்குச் சந்தா கட்ட வேண்டும். கிளாக்ஸ்னிமேட் என்ற இலவச மென்பொருளும் நேராக டிஜிஎஸ் கோப்பைத் தரும். நான் அதைத்தான் பயன்படுத்தினேன். வந்தது 20 கேபிக்கும் கீழே.

ஆனால் டிஜிஎஸ்ஸில் தடைகள் அதிகம். படம் வைக்க முடியாது, எழுத்தை எழுத்தாக வைக்க முடியாது, மாஸ்க், லேயர் எஃபெக்ட், எக்ஸ்பிரஷன் எதுவும் கூடாது. தமிழ் எழுத்து போட நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். "அடடா" என்பதை வடிவமாக மாற்றித்தான் சேர்க்க முடியும். சில மென்பொருள்களில் "கொ", "போ" மாதிரி எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். வடிவமாக்கிய பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. நான் இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே வடிவமாக்கிக் கொண்டுவருகிறேன்.

இன்னொரு பொறி: கையால் வரைந்த படத்தைத் தானியங்கி டிரேஸில் போட்டு வெக்டராக்குவது. ஒரு கண்ணிமைக்கே நூற்றுக்கணக்கான புள்ளிகள் வந்துவிடும், 64 கேபி சட்டென்று தீர்ந்துபோகும். பத்துப் புள்ளியில் முடிகிற வளைவைப் பத்துப் புள்ளியில் கையாலேயே போடுவதுதான் வழி.

வாட்ஸ்அப் பேக்குக்கு இந்த டிஜிஎஸ் உதவாது. ஆனால் அதே வெக்டர் கோப்பிலிருந்து 12 ஃப்ரேம் வேகத்தில் பிஎன்ஜி வரிசையாக எடுத்து, மேலே சொன்ன அதே வரியில் வெப்பியாகக் கட்டிவிடலாம். ஒரே மூலம், இரண்டு ஆப். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் ஸ்டிக்கருக்கு ஒரு வாரக்கடைசி முழுக்கப் போனது. அதே அத்தை காபி டம்ளரோடு நிற்கும் இரண்டாவது ஸ்டிக்கருக்கு ஒரு மணி நேரம்தான்.

இழப்பும் உண்டு. வெக்டர் அத்தை அழகாக இருக்கிறார், ஆனால் வேறு யாருடைய அத்தையாகவும் இருக்கலாம். தலையைத் திருப்பும்போது கன்னம் கையில் அமுங்குமே, அந்த மென்மை சுழற்றப்பட்ட வட்டத்தில் வரவில்லை.

## வழி மூன்று: வீடியோ எடுத்து வெட்டுவது

ஆளையே எடுப்பதால் பாவனை நூறு சதவீதம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

முதல் முறை, ஃபோன் ஆப் ஒன்றில் பின்னணியைத் தானாக வெட்டச் சொன்னேன். ஒவ்வொரு ஃப்ரேமையும் அது தனித்தனியாக முடிவு செய்ததால் முடியைச் சுற்றி விளிம்பு மினுக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கவும் நன்றாக இல்லை, கோப்பும் 780 கேபி. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வெப்பியில் நிறத்தைத் தரம் குறைத்து அமுக்கலாம். ஆனால் எது தெரிய வேண்டும், எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபா அடுக்கு, மேலே சொன்ன வரியில் கட்டும்போது, சிதையாமல் அப்படியே சேமிக்கப்படுகிறது. கூர்மையான விளிம்பு என்றால் அது ஒன்றிரண்டு கேபியில் அடங்கும். முடி முடியாக, பாதி தெரியும் புள்ளிகளாக இருந்தால் ஆல்ஃபாவே தனியாகப் பெருத்துவிடும். `-quality` எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் முகம் கெடுமே தவிர அந்தப் பாரம் குறையாது.

இரண்டாம் முறை பச்சைத் துணி கட்டினேன். அத்தையைத் துணியிலிருந்து ஐந்தடி தள்ளி உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் பச்சை வெளிச்சம் கன்னத்திலும் நரைமுடியிலும் படியும், வெட்டின பிறகும் போகாது. அன்றைக்கு அவர் கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை. மாற்றிக்கொண்டு வரச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் வெட்டிய விளிம்பை இரண்டு புள்ளி உள்ளே தள்ளிக் கூர்மையாக்கி, அதற்கு வெளியே 8 புள்ளி கனத்தில் வெள்ளைக் கோடு போட்டேன். வாட்ஸ்அப்பே ஸ்டிக்கர் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு வெள்ளை விளிம்பைப் பரிந்துரைக்கிறது. அது அழகுக்காக மட்டுமல்ல. முடியின் நுணுக்கமெல்லாம் கோட்டுக்குள் அடங்குவதால் ஆல்ஃபா எளிமையாகிறது, எந்தத் திரையிலும் உருவம் பிரிந்து தெரிகிறது. கோப்பு 560 கேபிக்கு இறங்கியது. தரத்தை 75-இலிருந்து 55-க்குக் கொண்டுவந்ததும் 430 கேபி.

அப்போதும் 500-ஐத் தாண்டினால் நான் செய்வது, 512 சட்டத்துக்குள் ஆளைக் கொஞ்சம் சிறிதாக வைப்பது. சட்டத்தின் அளவை மாற்ற முடியாது, ஆனால் வெறும் ட்ரான்ஸ்பரன்ட் இடத்துக்கு எடையே இல்லை. ஆளைப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக்கினால் வரைய வேண்டிய பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

டெலிகிராமுக்கு, வெட்டிய இதே வீடியோவை 24 ஃப்ரேம் வேகத்தில் `b_01.png` முதல் பிஎன்ஜி வரிசையாக எடுத்தேன், அசைவு இன்னும் வழுக்கலாக வந்தது:

```
ffmpeg -framerate 24 -i b_%02d.png -c:v libvpx-vp9 -pix_fmt yuva420p -crf 34 -b:v 0 -an athai.webm
```

`yuva420p`-இல் உள்ள அந்த `a`தான் ஆல்ஃபா. அது விட்டுப்போனால் பின்னணி கறுப்பாகிவிடும். இன்னொரு குழப்பமும் வரும்: சரியாகச் செய்த கோப்பையே மறுபடி ffmpeg-இல் திறந்து வேறு ஏதாவது செய்தால் ட்ரான்ஸ்பரன்ஸி காணாமல் போகும். அதன் வழக்கமான டிகோடர் ஆல்ஃபாவைக் கவனிப்பதில்லை. திறக்கும்போது `-i`-க்கு முன்னால் `-c:v libvpx-vp9` என்று சேர்க்க வேண்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு இரவு முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன்.

இந்த வழியின் பெரிய செலவு கேபியில் வராது. ஒரு ஸ்டிக்கரைப் பெற்றவர் யாரும் அதைச் சேமித்து, யாருக்கும் அனுப்பலாம். அத்தையின் நிஜ முகம் அவருக்குத் தெரியாத குழுக்களில் சுற்றும். இதை எடுத்துச் சொல்லி அவர் சம்மதித்த பிறகுதான் எடுத்தேன். குழந்தைகள் முகத்தை வைத்து நான் இந்த வழியில் செய்வதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கையால் வரைவது | வெக்டர் | வீடியோ வெட்டு |
|---|---|---|---|
| என் கோப்பு, வாட்ஸ்அப் | 140 கேபி | வரைந்ததைப் போலவே லேசு | 430 கேபி |
| டெலிகிராமில் | வெப்எம் | டிஜிஎஸ், 20 கேபிக்குள் | வெப்எம் |
| விளிம்பு | சுத்தம் | மிகச் சுத்தம் | வெள்ளைக் கோடு இல்லாமல் கடினம் |
| முதல் ஸ்டிக்கர் | ஒரு மாலை | ஒரு வாரக்கடைசி | எடுக்க 5 நிமிடம், வெட்ட அரை நாள் |
| பத்தாவது ஸ்டிக்கர் | ஒரு மாலை | ஒரு மணி நேரம் | அரை நாள் |

ஒன்றிரண்டு ஸ்டிக்கர்தான் வேண்டும், வாட்ஸ்அப்தான் முக்கியம், கொஞ்சம் வரைய வரும் என்றால் கையால் வரையுங்கள். 13 படத்தில் ஒரு பாவனை வந்துவிடும், சின்ன ஃபோனிலும் தடங்கலின்றி ஓடும். ஒரே பாத்திரத்தை வைத்துப் பத்து, பதினைந்து செய்யப் போகிறீர்கள், இரண்டு ஆப்பிலும் வேண்டும் என்றால் வெக்டருக்கு அந்த முதல் வாரக்கடைசியைக் கொடுப்பது வீண் போகாது. அந்த மனிதரின் முகம்தான் விஷயமே என்றால் வீடியோ, அதையும் முதலில் டெலிகிராமுக்குச் செய்துவிட்டு, ஃப்ரேமைக் குறைத்து வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவாருங்கள். என்னைக் கேட்டால், எங்கள் குடும்பக் குழுவில் நின்றது கையால் வரைந்த அத்தைதான். கன்னம் அமுங்குவதை மூன்றே ஃப்ரேமில் மிகைப்படுத்தி வரைந்திருந்தேன், சின்னத் திரையில் அது வீடியோவைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

## ஏற்றும்போது

டெலிகிராமில் `@Stickers` என்ற தானியங்கிக் கணக்குக்கு `/newvideo` என்று அனுப்பினால் வெப்எம் கோப்பை வாங்கிக்கொள்ளும். அது சொல்கிறபடி போனால் போதும்.

வாட்ஸ்அப்பில் வெப்பி கோப்பை அப்படியே அனுப்பினால் அது ஸ்டிக்கர் ஆகாது. பேக்காகக் கட்டித் தரும் ஏதாவது ஓர் ஆப் வழியாகப் போக வேண்டும். அவற்றில் சில நம் கோப்பை வாங்கி மறுபடி அமுக்குகின்றன. நான் முதலில் பயன்படுத்திய ஒன்று 140 கேபி கோப்பைத் திரும்பக் கட்டி, விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோட்டை விட்டுவிட்டது. வெளிர் திரையில்தான் அது தெரிந்தது. ஆகவே குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் ஒரே ஒருவருக்கு அனுப்பி, வெளிர் திரை, இருட்டுத் திரை இரண்டிலும் பாருங்கள்.

வாட்ஸ்அப் பேக்கில் குறைந்தது மூன்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அதிகபட்சம் 30. அசைவதும் அசையாததும் ஒரே பேக்கில் கலக்க முடியாது. அதனால் ஒன்று செய்ய உட்கார்ந்த நான் மூன்று செய்ய வேண்டியதாயிற்று: தலையாட்டும் அத்தை, காபி டம்ளர் நீட்டும் அத்தை, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஃபோனைப் பார்க்கும் அத்தை. மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார்.